மூன்று வாடகை வீடு, ஒரு கணக்கு: நோட்டா, அட்டவணையா, மென்பொருளா, ஆளா?

போன ஏப்ரல் தொடக்கத்தில் என் தாய்மாமா ஒரு நீல நிற நோட்டையும், பில்கள் திணித்த ஒரு பிஸ்கட் டின்னையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "கூட்டி வச்சிட்டேம்மா. செங்காங் வீட்டுக்கு வருஷ வாடகை 56,200 வெள்ளி. நீ ஒரு தடவை பார்த்துட்டா வரிக்குப் போட்டுடலாம்" என்றார். அந்த வீட்டின் மாத வாடகை 4,000 வெள்ளி. பன்னிரண்டு மாதத்துக்கு 48,000 தான் வரவேண்டும்.

மீதி 8,200இல் 200 ஒரு பழுதுப் பணம், அதைப் பின்னால் சொல்கிறேன். 8,000 எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஜனவரியில் புதிதாகக் குடிவந்தவர் ஒரே தடவையில் 12,000 வெள்ளி அனுப்பியிருந்தார். இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வைப்புத்தொகை 8,000, முதல் மாத வாடகை 4,000. வங்கிக் கணக்கில் அது ஒரே வரியாக விழுந்தது. மாமா நோட்டிலும் ஒரே வரியாக எழுதினார். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் வருமானமாகிவிட்டது. அவருடைய வருமான நிலையில், 80,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு 11.5 விழுக்காடு வரி. அந்த ஒரு வரியால் மட்டும் 920 வெள்ளி வீணாகக் கட்டியிருப்பார்.

நான் பல வருடமாகக் கணக்கெழுதும் வேலையில் இருப்பவள். சிங்கப்பூரில் இரண்டு, மூன்று வீடு வாடகைக்கு விட்டிருக்கும் நம் ஆட்கள் என்னிடம் கேட்பது எப்போதும் இதே கேள்விதான்: நோட்டு போதுமா, எக்செல் போடவா, மாதச் சந்தா கட்டி மென்பொருள் வாங்கவா, இல்லை ஒரு ஆளிடம் கொடுத்துவிடவா? மாமாவின் மூன்று வீடுகளை வைத்தே பதில் சொல்கிறேன். ஈசூனில் ஒரு வீவக நாலறை வீடு, செங்காங்கில் ஒரு கொண்டோ, பாலஸ்டியரில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு. மூன்றுக்கும் கடன் அடைந்துவிட்டது. மாமா இருப்பது மகன் வீட்டில்.

## முதலில் எதை வைத்து அளப்பது

எந்த முறையானாலும் நான்கு காரியத்தைச் செய்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று, வைப்புத்தொகை வாடகையிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். அது உங்களிடம் இருக்கும் இன்னொருவர் பணம். இன்றைய தேதியில் யாருக்கு எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் வரவேண்டும்.

இரண்டு, வாடகை எந்த மாதத்துக்கு உரியது என்பதும், எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஐராஸ் என்று நாம் சொல்லும் உள்நாட்டு வருவாய் ஆணையம், வாடகை எப்போது கட்டவேண்டியதாகிறதோ அந்த ஆண்டின் வருமானமாகத்தான் அதைப் பார்க்கிறது. டிசம்பர் வாடகை ஜனவரி 3ஆம் தேதி வந்தாலும் அது டிசம்பரோடு முடிந்த ஆண்டின் கணக்கு. வங்கி அறிக்கையை மட்டும் கூட்டுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

மூன்று, பழுதுச் செலவில் யார் பங்கு எவ்வளவு என்பது தெரிய வேண்டும். நம் ஊர் வாடகை ஒப்பந்தங்களில் சிறு பழுதுக்கு ஒரு வரம்பு இருக்கும். ஒரு பழுதுக்கு 200 வெள்ளிவரை குடியிருப்பவர், அதற்கு மேல் வீட்டுக்காரர் என்பதுபோல.

நான்கு, ஆண்டு முடிவில் வீடு வாரியாகத் தொகை வரவேண்டும். மூன்று வீட்டையும் சேர்த்து ஒரே தொகையாக வைத்திருந்தால் வரிப் படிவத்தை நிரப்ப முடியாது.

இவற்றோடு ஐந்தாவதாக நான் பார்ப்பது ஒன்று உண்டு. நீங்கள் ஒரு மாதம் மருத்துவமனையில் படுத்துவிட்டால், உங்கள் மனைவியோ மகனோ அந்தக் கணக்கைத் திறந்து புரிந்துகொள்ள முடியுமா? மாமாவின் நோட்டை அத்தையால் படிக்க முடியவில்லை. "செ. பைப் 450" என்று இருந்தது. அது செங்காங்கா, செப்டம்பரா என்று அவருக்கே சந்தேகம்.

## கணக்கு எவ்வளவு தேவை என்பதைத் தீர்மானிப்பது வரிதான்

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் போட்டுப் பாருங்கள். பலர் இதைப் பார்க்காமலேயே மென்பொருளுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

தனிநபராக ஒரு குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விட்டால், செலவைக் கழிக்க இரண்டு வழி. ஒன்று, பில் எதுவும் காட்டாமல் மொத்த வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழிப்பது. இது 2016 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இருக்கிறது. மற்றது, சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், தீக் காப்புறுதி, பழுது என்று உண்மையில் ஆன செலவைக் கழிப்பது. வீட்டுக் கடனின் வட்டியை இரண்டு வழியிலும் தனியே கழிக்கலாம். அசலைக் கழிக்க முடியாது. உண்மைச் செலவைக் காட்டினால் அதற்கான பில்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

மாமாவின் மூன்று வீட்டுக்கும் போட்டுப் பார்த்தோம். சொத்து வரி, உரிமையாளர் குடியிராத வீட்டுக்கு 2024 முதல் உள்ள விகிதப்படி: ஐராஸ் வீட்டுக்கு நிர்ணயிக்கும் ஆண்டு மதிப்பில் முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு, அடுத்த 15,000க்கு 20, அதற்கடுத்த 15,000க்கு 28, அதற்கும் மேல் 36.

ஈசூன் வீட்டின் வாடகை ஆண்டுக்கு 36,000. 15 விழுக்காடு என்றால் 5,400. ஆண்டு மதிப்பு 12,000, அதனால் சொத்து வரி 1,440. நகர மன்றத்துக்குக் கட்டும் சேவை பராமரிப்புக் கட்டணம் 960. பழுது 1,200. உண்மைச் செலவு 3,600 தான். இங்கே 15 விழுக்காடே லாபம். வீவக வீட்டுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

செங்காங் கொண்டோ வேறு கதை. வாடகை 48,000, அதில் 15 விழுக்காடு 7,200. ஆண்டு மதிப்பு 36,000, ஆகவே சொத்து வரி 3,600உம் 1,200உம் சேர்ந்து 4,800. கொண்டோவின் பராமரிப்புக் கட்டணம் மாதம் 380 வீதம் 4,560. பழுதே இல்லாமல் 9,360 ஆகிவிட்டது. அந்த வருடப் பழுது 1,300. மொத்தம் 10,660. 15 விழுக்காட்டை விட 3,460 வெள்ளி அதிகம் கழிக்கலாம், வரியில் ஏறக்குறைய 400 வெள்ளி மிச்சம்.

பாலஸ்டியர்தான் சிக்கலானது. வாடகை 38,400, 15 விழுக்காடு 5,760. சொத்து வரி 3,240, பராமரிப்பு 2,400, இரண்டும் சேர்ந்து 5,640. தராசு கிட்டத்தட்டச் சமம். பழுது இல்லாத வருடத்தில் 15 விழுக்காடு ஒரு நூலளவு மேல். அந்த வருடம் 900 வெள்ளிக்குப் பழுது பார்த்ததால் உண்மைச் செலவு 6,540 ஆனது. 780 வெள்ளி கூடுதலாகக் கழித்ததில் வரி மிச்சம் 90 வெள்ளி. ஒழுங்காகக் குறித்துவைத்திருந்தால்தான் எந்த வருடம் எது மேல் என்று தெரியும்.

ஆக, மூன்று வீட்டுக்கும் செலவுக் கணக்கைச் சீராக வைத்ததில் மாமாவுக்கு அந்த வருடம் வரியில் மிச்சமானது 490 வெள்ளிக்கும் சற்றுக் குறைவு. கீழே சொல்லும் ஒவ்வொரு முறையின் விலையையும் இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா வீட்டுக்கும் 15 விழுக்காடு போட்டுக்கொள்வேன், கணக்கே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். செலவுப் பில்லிலிருந்து மட்டும்தான் அது விடுதலை தருகிறது. வாடகைப் பாக்கி, வைப்புத்தொகை இரண்டுக்கும் கணக்கு இருந்தே ஆகவேண்டும்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | நோட்டு | அட்டவணை | கணக்கு மென்பொருள் | வெளியாள் |
|---|---|---|---|---|
| வைப்புத்தொகை தனியாக நிற்குமா | தனிப் பக்கம் ஒதுக்கினால் | ஆம் | ஆம், சரியான தலைப்பில் போட்டால் | ஆளைப் பொறுத்தது |
| எந்த மாத வாடகை என்று தெரியுமா | கவனமாக எழுதினால் | ஆம் | ஆம் | ஆம் |
| பழுதுப் பங்கு | எளிதில் கலந்துவிடும் | ஆம் | சுற்றிவளைத்து | நீங்கள் சொன்னால்தான் |
| வீடு வாரித் தொகை | கையால் கூட்ட வேண்டும் | உடனே | உடனே | கேட்டால் வரும் |
| வீட்டார் படிக்க முடியுமா | சில சமயம் | ஆம் | பழகியிருந்தால் | ஆம் |
| மூன்று வீட்டுக்குச் செலவு | ஒரு நோட்டின் விலை | மாதம் ஒரு மணி நேரம் | மாதச் சந்தா | மாதச் சம்பளம் |

## நோட்டுப்புத்தகம்

நோட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வீவக வீடு, 15 விழுக்காடு வழி, வருடக்கணக்கில் ஒரே குடித்தனம் என்றால் நோட்டு நன்றாகவே போதும். ஒரு குடியிருப்பவருக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் வாடகை: மாதம், கட்டவேண்டியது, வந்த தேதி, வந்த தொகை, பாக்கி. வலது பக்கம் வைப்புத்தொகை மட்டும். இந்த இரண்டு பக்கமும் கலக்காமல் இருந்திருந்தால் மாமாவின் 12,000 இரண்டாகப் பிரிந்தே எழுதப்பட்டிருக்கும்.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு பில்களில் இருக்கிறது. குழாய்க்கடை, மின்சாதனக் கடை ரசீதுகள் பல வெப்பத்தாளில் அச்சடித்தவை. ஒரு வருடத்தில் வெளிறிவிடும். மாமாவின் டின்னில் நான்கு ரசீது வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. உண்மைச் செலவு வழியில் போகிறவருக்கு அது தொலைந்த பணம். நோட்டு எழுதினாலும் ரசீதை அன்றே கைப்பேசியில் படமெடுத்து, வீட்டுப் பெயரில் ஓர் ஆல்பத்தில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது வீடு வந்ததும் நோட்டு திணறத் தொடங்கும். ஒரு பழுதுபார்ப்பவர் ஒரே நாளில் இரண்டு வீட்டுக்குப் போய் ஒரே பில் கொடுப்பார். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

## அட்டவணை

இரண்டிலிருந்து ஐந்து வீடுவரை உள்ள பெரும்பாலோருக்கு என் பதில் இதுதான். கூகுள் ஷீட்ஸ், எக்செல் எதுவானாலும் சரி. மாமாவுக்கு நான் போட்டுக் கொடுத்ததில் மூன்றே தாள்.

முதல் தாள் வாடகை. வீடு, குடியிருப்பவர், எந்த மாதத்துக்கு, கட்டவேண்டியது, வந்த தேதி, வந்தது, பாக்கி. ஆண்டின் பன்னிரண்டு மாதத்தையும் கட்டவேண்டிய தொகையோடு முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுகிறோம். பணம் வரும்போது வலது பக்கத்தை மட்டும் நிரப்பவேண்டும். காலியாகக் கிடக்கும் கட்டம் பாக்கியை அதுவாகவே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் தாள் வைப்புத்தொகை. வந்தது, போனது, எதற்காக, மீதி. மூன்று வீட்டையும் சேர்த்தால் ஈசூன் 6,000, செங்காங் 8,000, பாலஸ்டியர் ஒரு வருட ஒப்பந்தம் என்பதால் 3,200. மொத்தம் 17,200 வெள்ளி. இந்த எண்ணைப் பார்த்ததும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பணத்தில் பாதியைப் பாலஸ்டியர் வீட்டுக்கு வண்ணம் பூசவும் கட்டில் வாங்கவும் செலவழித்திருந்தார். ஈசூன், செங்காங் ஒப்பந்தங்கள் இரண்டும் ஒரே மாதத்தில் முடிகின்றன. அன்று 14,000 திருப்பித் தரவேண்டும். வைப்புத்தொகையை வீட்டுக்காரர் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்று இங்கே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் இந்தத் தாள் தேவைப்படுகிறது. இப்போது அதற்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு திறந்திருக்கிறார். தாளின் மீதியும் அந்தக் கணக்கின் மீதியும் ஒன்றாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறோம்.

மூன்றாம் தாள் செலவு. தேதி, வீடு, வகை, விவரம், கொடுத்த தொகை, குடியிருப்பவர் பங்கு, நம் பங்கு. கடைசி இரண்டு பத்தியும் முக்கியம். செங்காங்கில் குழாய் உடைந்தது. மாமா 450 கொடுத்தார். ஒப்பந்தப்படி முதல் 200 குடியிருப்பவருடையது. அவர் அடுத்த மாத வாடகையோடு சேர்த்து 4,200 அனுப்பினார். நோட்டில் அது "வாடகை 4,200, பைப் 450" என்று இருந்தது. இரண்டுமே தவறு. வாடகை 4,000, மாமாவின் பழுதுச் செலவு 250. அந்த வருடத்து 1,300இல் இந்த 250உம், பழைய வெந்நீர்க் கருவியை மாற்றிய 620உம், சுவருக்கு வண்ணம் பூசிய 430உம் அடங்கும். பழையதை மாற்றுவது செலவாகும். இல்லாத ஒன்றைப் புதிதாக வாங்கிப் போடுவதும் வீட்டைப் புதுப்பித்து மேம்படுத்துவதும் கழிவில் வராது. பாலஸ்டியருக்குப் புதிதாக வாங்கிய கட்டில் அதனால்தான் 900இல் இல்லை. ஆகவே வகைப் பத்தியில் வரி, பராமரிப்பு தவிர "பழுது", "மாற்று", "புதிது" என்று மூன்று வைத்திருக்கிறேன்.

ஒரு வீட்டின் ஒரு ஆண்டுப் பழுதை எடுக்க, ஏ பத்தியில் தேதி, பி பத்தியில் வீடு, சி பத்தியில் வகை, ஜி பத்தியில் நம் பங்கு இருந்தால் இந்த ஒரு வரி போதும். "மாற்று" வகைக்கும் இதையே இன்னொரு தடவை போட்டு இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்:

```
=SUMIFS(G:G, B:B, "செங்காங்", C:C, "பழுது",
 A:A, ">="&DATE(2025,1,1), A:A, "<="&DATE(2025,12,31))
```

அட்டவணையின் பலவீனம் இந்த வரியிலேயே இருக்கிறது. ஓரிடத்தில் "செங்காங்" என்றும் இன்னோரிடத்தில் "செங்கங்" என்றும் தட்டினால், அந்தச் செலவு சத்தமில்லாமல் கூட்டலிலிருந்து விழுந்துவிடும். பிழை என்று திரை சொல்லாது. அதனால் வீட்டுப் பெயரையும் வகையையும் தட்டவிடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துவிடுங்கள். பிறகு வீடு வாரித் தொகைகளைக் கூட்டி, பத்தியின் மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளி வித்தியாசம் இருந்தாலும் எங்கோ ஒரு வரி வழிதவறிப் போயிருக்கிறது.

சொத்து வரிக்கும் ஒரு குறிப்பு. அந்த ஆண்டுக்கான அறிக்கைப்படி ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். மாமா ஜைரோ வழியாகப் பன்னிரண்டு தவணையில் கட்டுகிறார். செங்காங்குக்கு மாதம் 400 வெள்ளி. தவணைகளை ஒவ்வொன்றாக எழுதாமல், ஜனவரியில் அந்த ஆண்டின் 4,800ஐ ஒரே வரியாக எழுதிவிடுகிறோம். ஆண்டு நடுவில் ஆண்டு மதிப்பு மாறி வேறு அறிக்கை வந்தால் வித்தியாசத்துக்கு மட்டும் இன்னொரு வரி.

மறைந்த செலவு நேரம்தான். தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. அதன்பின் மாதம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை.

## கணக்கு மென்பொருள்

தொழில் நிறுவனங்களுக்கான மென்பொருளை மூன்று வீட்டுக்காகச் சந்தா கட்டி வாங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. மாதம் 50 வெள்ளி என்று வைத்தாலும் வருடத்துக்கு 600. மாமாவுக்கு வரியில் மிச்சமாவதே 490. அவை கடை, ஏற்றுமதி, சேவைத் தொழில் போன்றவற்றுக்கு ஏற்ப அமைந்தவை. "குடியிருப்பவரின் பழுதுப் பங்கு" என்று அவற்றில் கட்டம் இருக்காது. நீங்களே ஏதாவது ஒரு தலைப்பில் வளைத்துப் போட வேண்டும். வைப்புத்தொகையைக் கடன்பொறுப்புத் தலைப்பில் போடத் தெரியாமல் வருமானத் தலைப்பில் போட்டுவிட்டால், மாமாவின் நோட்டுப் பிழை அழகான வண்ண அறிக்கையாக அச்சாகி வரும். அப்போது அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

சந்தாவை நிறுத்தும் நாளையும் யோசியுங்கள். ஐந்து ஆண்டுப் பதிவுகள் அதனுள்ளே இருந்தால், நிறுத்துமுன் எல்லாவற்றையும் வெளியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இது சரியான தேர்வாக இருக்கும் இடமும் உண்டு. வீடுகள் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் 15 விழுக்காட்டு வழி கிடையாது. முறையான நிதிக் கணக்கு கட்டாயம் வேண்டும். அப்போது மென்பொருள்தான் வழி. வீடுகள் எட்டு, பத்து என்று பெருகி, ஒவ்வொரு அறையும் தனித்தனி ஆளுக்கு விட்டிருந்தாலும் அப்படியே.

## வெளியாளிடம் கொடுப்பது

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவர் கணக்கு மட்டும் எழுதுபவர். மற்றவர் வீட்டையே பார்த்துக்கொள்பவர்: பழுதுக்கு ஆள் அனுப்புவார், குடியிருப்பவரிடம் பேசுவார், வாடகை வந்ததா என்று பார்ப்பார்.

கணக்கு எழுதுபவருக்கு மூன்று வீட்டுக்கு மாதம் 150 வெள்ளி கொடுத்தால் வருடத்துக்கு 1,800. வரி மிச்சத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். அதற்குப் பிறகும் பழுது நடந்ததா, யார் கொடுத்தார், பில் எங்கே என்று நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்குக் குறித்துவைத்தாக வேண்டும். குறிப்பதுதான் வேலையில் பாதி. பணத்தை மட்டும் பார்த்தால் இது கட்டுப்படியாகாது.

நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், அல்லது வயதாகிப் பார்வை மங்கிவிட்டது என்றால் கணக்கே வேறு. பழுதுக்கு ஓடுவதற்கும் பாக்கி கேட்பதற்கும் ஒருவர் இருப்பதற்குத்தான் அப்போது பணம் கொடுக்கிறீர்கள். அது நியாயமான செலவு.

சொத்து முகவரையே எல்லாம் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவுபெற்ற முகவர் வீவக வீட்டு வாடகை தொடர்பான பணத்தைக் கையாள விதி அனுமதிக்காது. "வைப்புத்தொகையை என்னிடம் கொடுங்கள், நான் வீட்டுக்காரருக்குத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் குடியிருப்பவரிடமிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும்.

கூட்டு உரிமையில் இருக்கும் வீட்டுக்கும் வெளியாள் சில சமயம் நல்லது. கணவன் கணக்கில் வாடகை முழுதும் வந்தாலும், வரிக்கு அது சட்டப்படியான உரிமைப் பங்குப்படி பிரியும். அண்ணன் தம்பி மூவர் பேரில் ஒரு வீடு இருந்து, ஒருவருக்கொருவர் கணக்குக் கேட்கத் தயங்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அங்கே மாதம் நூறு வெள்ளி வாங்கும் மூன்றாம் மனிதர் வீட்டுச் சண்டையைத் தடுக்கிறார்.

## குடியிருப்பவர் வெளியேறும் நாளில் எந்தக் கணக்கு நிற்கும்

நான்கு முறையும் உண்மையில் சோதனைக்கு உள்ளாவது இந்த நாளில்தான். செங்காங் ஒப்பந்தம் முடியும்போது இப்படி நடந்தது என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பவர் கடைசி மாத வாடகையைக் கட்டாமல் "வைப்புத்தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். திரைச்சீலைத் தண்டு உடைந்திருக்கிறது, மாற்ற 280.

வைப்புத்தொகைத் தாளில் தொடக்க மீதி 8,000. கடைசி மாத வாடகைக்குப் போனது 4,000. அதே நாளில் வாடகைத் தாளில் அந்த மாதத்துக்கு எதிரே 4,000 வந்ததாக எழுத வேண்டும். அந்தப் பணம் இனி வைப்புத்தொகை அல்ல, வாடகை. இதை எழுத மறந்தால் வாடகை ஒரு மாதம் குறைவாகக் காட்டப்பட்டுவிடும். திரைச்சீலைக்கு 280 போனது. செலவுத் தாளில் கொடுத்த தொகை 280, குடியிருப்பவர் பங்கு 280, நம் பங்கு பூஜ்யம். அவருடைய பணத்தில் மாற்றியதை நம் செலவாகக் கழிக்கக் கூடாது. திருப்பிக் கொடுத்தது 3,720. மீதி பூஜ்யம்.

இந்த நான்கு வரியையும், 280க்கான பில்லையும், குடிவந்த நாளில் எடுத்த படங்களையும் சேர்த்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தில் குறித்த நாளுக்குள் பணமும் போகட்டும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தத்தில் 20,000 வெள்ளிவரையிலான தகராறு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. நீங்களேதான் பேச வேண்டும். நோட்டில் "செ. 3720 கொடுத்தாச்சு" என்று இருந்தால் அங்கே என்ன பேசுவீர்கள்?

## முறை மாறுவதென்றால்

ஜனவரி 1ஆம் தேதியில் மாறுங்கள். வாடகைக்கும் செலவுக்கும் அது புது ஆண்டு, பழையதைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. பழைய நோட்டையும் பில்களையும் ஐந்து ஆண்டு அலமாரியில் வையுங்கள். ஆனால் வைப்புத்தொகை மட்டும் பழைய மீதியோடு வரவேண்டும். புதுத் தாளில் நீங்கள் எழுதும் முதல் வரிகள் அவையாகவே இருக்கட்டும். ஒவ்வொரு குடியிருப்பவருக்கும் தொகையை ஒப்பந்தத்தோடு சரிபாருங்கள். நோட்டை நம்பாதீர்கள். மாமாவின் நோட்டில் பாலஸ்டியர் வைப்புத்தொகை 3,000 என்று இருந்தது. ஒப்பந்தத்தில் 3,200. வங்கி அறிக்கையைப் புரட்டினோம். 3,200 தான்.